பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா? கூடுதல் விலையை யூனிட்டில் எண்ணிப் பார்க்கும் முறை

கடையில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேனின் விலையைக் கேட்டால் சாதாரண ஃபேனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சொல்வார்கள். "கரண்ட் பாதிக்கு மேல மிச்சம், ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துடும்" என்று உடனே சேர்த்தும் சொல்வார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மைதான். இரண்டாவது பாதி, ஃபேன் எந்த அறையில் சுற்றப் போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே வீட்டில் கூடத்து ஃபேனுக்கு ஒன்றரை வருடத்தில் காசு திரும்பும், அடுத்த அறை ஃபேனுக்கு அதன் ஆயுள் முடிந்தாலும் திரும்பாது. அதனால் "பிஎல்டிசி நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. "இந்தக் கொக்கியில் தொங்குகிற ஃபேனுக்கு அது தேவையா" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

கணக்கு கடினமில்லை. ஒரு மாலை நேரமும், கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

மின்சாரம் எங்கே மிச்சமாகிறது

1200 மில்லிமீட்டர் வீச்சுள்ள சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். அதே அளவு பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட்டுக்குள் ஏறக்குறைய அதே காற்றைத் தரும். இறக்கை கிட்டத்தட்ட ஒன்றேதான், மோட்டார்தான் வேறு.

சாதாரண ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நடுவில் உள்ள கம்பிச்சுருள், சுற்றுகிற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. வெளிக்கூட்டில் உள்ள ரோட்டார் என்ற சுழலும் பகுதி அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 14 துருவங்கள் கொண்ட மோட்டாரில் புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 முறை சுற்றும். இறக்கையோ 370, 380 சுற்றுதான் சுற்றும். பின்தங்குகிற அந்த விகிதத்துக்கு ஏற்ப ரோட்டாருக்குப் போகும் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. முழு வேகத்தில் இது எட்டில் ஒரு பங்குதான். ரெகுலேட்டரைத் திருப்பி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். புலம் அதே 428-ல்தான் சுற்றுகிறது, இறக்கை மட்டும் 214-க்கு இறங்கிவிட்டது. இப்போது ரோட்டாருக்குப் போகும் ஆற்றலில் பாதி சூடாகவே போகிறது. மெதுவாகச் சுற்றும் பழைய ஃபேனின் நடுப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎல்டிசி மோட்டாரில் ரோட்டாரிலேயே நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்கிற ஒரு மின்னணு போர்டு, காந்தம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப புலத்தைச் சுழற்றுகிறது. பின்தங்குதல் என்ற பேச்சே இல்லை. வேகத்தைக் குறைத்தால் புலமும் சேர்ந்து குறைகிறது. காற்றைத் தள்ள வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறுவதால், வேகம் பாதியானால் தேவை எட்டில் ஒரு பங்காகிவிடும். முழு வேகத்தில் 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் குறைந்த வேகத்தில் 5, 6 வாட்டில் சுற்றுவது இப்படித்தான்.

முதலில் இப்போது இருக்கிற ஃபேனை அளந்து பாருங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண், முழு வேகத்துக்கு உரியது. நீங்கள் மூன்றாம் எண்ணில் வைத்துத் தூங்கினால் அந்த எண்ணால் பயனில்லை. கம்பிச்சுருளை மாற்றி ரீவைண்டிங் செய்த பழைய ஃபேன் என்றால் பெட்டி எண்ணை நம்பவே வேண்டாம். வீட்டு மின் மீட்டரே இதை அளந்து சொல்லிவிடும்.

எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே `3200 imp/kWh` அல்லது `1600 imp/kWh` என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணிக்கை அளவுக்குச் சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், வைஃபை ரவுட்டர், டிவியின் ஸ்டாண்ட்பை எல்லாம் சேர்த்துத்தான். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் துண்டித்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி சார்ஜ் ஆவதும் கணக்கில் ஏறிவிடும். எல்லாம் அணைந்தபின் இரண்டு மூன்று நிமிடம் விளக்கைப் பாருங்கள். சிமிட்டாமல் இருந்தால் சரி. சிமிட்டினால் எங்கோ ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அளக்க வேண்டிய ஃபேனை மட்டும், வழக்கமாக வைக்கும் வேகத்தில் ஓட விடுங்கள். ஒரு சிமிட்டலில் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, அதற்கடுத்த பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். வந்த விநாடியைப் பத்தால் வகுத்தால் ஓர் இடைவெளி கிடைக்கும். வாட் கணக்கு இதுதான்:

```
வாட் = 3600000 ÷ (மீட்டர் எண் × இடைவெளி விநாடி)
```

3200 மீட்டரில் இது 1125 வகுத்தல் விநாடி என்று சுருங்கும். 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 75 வாட், 25 விநாடிக்கு ஒன்று என்றால் 45 வாட். 1600 மீட்டராக இருந்தால் 1125-க்குப் பதில் 2250 போட்டுக்கொள்ளுங்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் சீலிங் ஃபேனுக்கு எளிதில் பொருந்தாது, அதனால் இந்த வழியே வசதி.

இப்படி அளக்கும்போது ரெகுலேட்டரின் குட்டும் வெளிப்படும். சுவரில் பெரிய பெட்டி மாதிரி இருக்கிற, தொட்டால் சூடாக இருக்கிற பழைய ரெகுலேட்டரா? அது வேகத்தைக் குறைக்கிறது, மின்சாரத்தை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மிச்சமாக வேண்டியதைத் தானே எரித்துவிடுகிறது. நடு வேகத்தில் 75-க்கு 60 வாட் என்ற மட்டில் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். கன்டென்சர் வைத்த படிப்படியான எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அதே வேகம் 45 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். இந்த வித்தியாசம் பின்னால் நமக்கு வேண்டும், குறித்து வையுங்கள்.

மணிக்கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

முடிவைத் தீர்மானிப்பது மோட்டாரைவிட இதுதான். ஆனால் எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்வதும் இதைத்தான். "நாள் முழுக்க ஓடும்" என்று சொல்கிற ஃபேன், ஆளில்லாத நேரம், மழைக்காலம், குளிர்ந்த இரவுகள் எல்லாம் கழித்தால் பத்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வருடத்தில் அப்படி எத்தனை நாள் என்று இரண்டு எண்ணாகப் பிரித்து எழுதினால் பொய் குறையும். 10 மணி நேரம், 300 நாள் என்றால் வருடத்துக்கு 3000 மணி நேரம்.

எந்த வேகத்தில் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் சேமிப்பு 75-லிருந்து 30 கழித்து 45 வாட். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரோடு நடு வேகத்தில் 45-லிருந்து பிஎல்டிசியின் 15 போனால் 30 வாட்தான் மிச்சம். விகிதத்தில் பார்த்தால் நடு வேகத்தில் சேமிப்பு அதிகம், மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் பில் விகிதத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை வாட் குறைந்தது என்றுதான் பார்க்கிறது. விளம்பரங்களில் வரும் "65 சதவீத சேமிப்பு" இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றும்.

மிச்சமாகும் யூனிட்டின் விலை எது?

பில் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி கண்டுபிடிப்பது பலருடைய பழக்கம். இங்கே அது தவறான விடை தரும். சேமிக்கிற யூனிட் பில்லின் மேல்முனையிலிருந்துதான் கழியும். படிப்படியாக ஏறும் கட்டண முறையில் கடைசிப் படியின் விலை எதுவோ அதுதான் உங்கள் சேமிப்பின் விலை. அது சராசரியைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கலாம். ஃபேன் அதிகம் ஓடும் கோடையில்தான் பில்லும் மேல்படிக்குப் போகும் என்பதால், வருடச் சேமிப்பின் பெரும்பகுதி அந்த உயர்ந்த விலையிலேயே விழும்.

இதன் மறுபக்கமும் உண்டு. முதல் சில யூனிட்டுகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிற இடத்தில், மொத்த உபயோகமே அந்த எல்லைக்குள் அடங்கும் வீடுகளுக்கு பிஎல்டிசியால் பணமாக எதுவும் திரும்பாது. நிலையான கட்டணம், மீட்டர் வாடகை போன்றவை எவ்வளவு சேமித்தாலும் குறையாது, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரிபார்க்க ஒரு வழி: கட்டணமுறை ஒரே மாதிரி இருந்த இரண்டு பில்களை எடுங்கள். ஒன்றில் யூனிட் கொஞ்சம் கூட, மற்றதில் கொஞ்சம் குறைவு என்று இருக்க வேண்டும். தொகையின் வித்தியாசத்தை யூனிட்டின் வித்தியாசத்தால் வகுத்தால், உங்கள் மேல்முனை யூனிட் எவ்வளவுக்குப் போகிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடுகிற கட்டண முறைகள் உண்டு. அந்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிற வீடாக இருந்தால், ஒரே ஃபேனை மாற்றியே கீழே இறங்கிவிட முடியுமா என்று பார்ப்பது லாபம்.

விலை வித்தியாசத்தை யூனிட்டாக மாற்றுங்கள்

இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. கூடுதல் விலையை மேல்முனை யூனிட் விலையால் வகுங்கள். "இந்த ஃபேனுக்கு நான் 180 யூனிட் கூடுதலாகக் கொடுக்கிறேன்" என்று ஓர் எண் வரும். இனிமேல் பணத்தை மறந்துவிடலாம். ஒவ்வொரு அறையும் வருடத்துக்கு எத்தனை யூனிட் திருப்பித் தருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். கட்டணம் உயர்ந்தால் 180 என்பது 150 ஆகிவிடும், அவ்வளவுதான் மாற்றம்.

எதோடு ஒப்பிட்டு "கூடுதல்" என்று சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஃபேன் எரிந்துபோய் எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு புது ஃபேன்களின் விலை வித்தியாசம்தான் கணக்கு. நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு மாட்டுகிறீர்கள் என்றால் பிஎல்டிசியின் முழு விலையும் கணக்கில் வரும். உதாரணத்துக்கு வித்தியாசம் 180 யூனிட், முழு விலை 420 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

இடையில் இன்னொரு வகையும் இருக்கிறது. 50, 55 வாட்டில் ஓடும் மேம்பட்ட இண்டக்‌ஷன் ஃபேன்கள். விலை சாதாரண ஃபேனைவிடச் சற்றுத்தான் கூடுதல், மின்னணு போர்டு கிடையாது, பழைய ரெகுலேட்டரிலேயே ஓடும். இதை ஒப்பீட்டுக்கு எடுத்தால் முழு வேகத்தில் பிஎல்டிசியின் சேமிப்பு 45 வாட்டிலிருந்து 20, 25 வாட்டாகச் சுருங்கிவிடும். விற்பவர் பொதுவாக 80 வாட் ஃபேனோடுதான் ஒப்பிட்டுக் காட்டுவார், அவர் வியாபாரம் அது.

ஒரு வீட்டைப் போட்டுப் பார்ப்போம்

மூன்று ஃபேன் உள்ள வீடு. கூடம், படுக்கையறை, எப்போதாவது திறக்கும் விருந்தினர் அறை.

கூடத்து ஃபேன் 3000 மணி நேரம், பெரும்பாலும் முழு வேகம், சேமிப்பு 45 வாட். 3000-ஐ 45-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 135 யூனிட். புதிதாக வாங்கும் நிலையில் 180 யூனிட் வித்தியாசம் பதினாறு மாதத்தில் திரும்பிவிடும். ஓடுகிற ஃபேனைக் கழற்றினால் 420 யூனிட்டுக்கு மூன்று வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டுமே ஏற்கக்கூடியவைதான்.

படுக்கையறையில் 8 மணி நேரம், 300 இரவு, ஆக 2400 மணி நேரம். நடு வேகம், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், 30 வாட் சேமிப்பு. வருடத்துக்கு 72 யூனிட். புதிதாக வாங்கினால் இரண்டரை வருடம், ஓடுவதை மாற்றினால் ஆறு வருடத்துக்கு நெருக்கம். முதலாவது சரி. இரண்டாவது எனக்குத் திருப்தியில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதே அறையில் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் என்ன ஆகும்? 60-லிருந்து 15 கழித்து 45 வாட், வருடத்துக்கு 108 யூனிட். பிஎல்டிசி இப்போது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினாலே 60 வாட் 45 ஆகிவிடும், வருடத்துக்கு 36 யூனிட் மிச்சம். ரெகுலேட்டரின் விலை ஃபேன் விலையில் ஒரு சின்னப் பகுதிதான். ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வரை அதைத்தான் முதலில் செய்வேன்.

விருந்தினர் அறை வருடத்துக்கு 200 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். சேமிப்பு 9 யூனிட். 180-ஐத் திருப்ப இருபது வருடம். அதோடு, ரிமோட்டில் மட்டும் அணைத்துச் சுவர் சுவிட்சை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் போர்டு ரிமோட்டின் அழைப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு வாட் என்றால்கூட வருடத்தின் 8760 மணி நேரத்தில் ஒன்பது யூனிட்டைத் தொட்டுவிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விட்டது. இந்த அறைக்கு மலிவான சாதாரண ஃபேன்தான் சரியான ஃபேன்.

இங்கேதான் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. விருந்தினர் அறை ஃபேன் எரிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்றால், பிஎல்டிசியை வாங்கிக் கூடத்தில் மாட்டுங்கள். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பழையதை விருந்தினர் அறைக்கு மாற்றுங்கள். எப்படியும் ஒரு ஃபேன் வாங்கியாக வேண்டிய நிலை என்பதால் கூடுதல் செலவு 180 யூனிட்தான். திருப்பித் தருவதோ கூடத்தின் 135 யூனிட். கழற்றி மாட்டும் கூலியை இதில் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு அசையாது. வீட்டில் எந்த ஃபேன் பழுதானாலும் புதியது போக வேண்டிய இடம் அதிக நேரம் ஓடும் கொக்கிதான்.

போர்டு போனால்?

சாதாரண ஃபேனில் பழுது என்றால் பெரும்பாலும் கன்டென்சர் அல்லது பேரிங். கன்டென்சர் பலவீனமானால் ஃபேன் மெதுவாகும், தள்ளிவிட்டால்தான் சுற்றும், மலிவாக மாற்றிவிடலாம். பிஎல்டிசியில் போகிற பொருள் போர்டு. மின்னல், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது எழும் அதிர்ச்சி, மேற்கூரைக்கு அடியில் தேங்கும் வெப்பம் எல்லாம் அதைத்தான் தாக்கும். போர்டு ஒவ்வொரு மாடலுக்கும் தனி. தெரு எலக்ட்ரீஷியனால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது, கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும்.

இதனால் நான் பார்க்கும் அளவுகோல்: காசு திரும்பும் காலம், போர்டுக்கான உத்தரவாதக் காலத்துக்குள் வருகிறதா? மோட்டாருக்கு ஐந்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, போர்டுக்கும் ரிமோட்டுக்கும் குறைந்த காலம் தருகிற அட்டைகள் இருக்கின்றன. அட்டையைத் திறந்து போர்டு என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். போர்டின் விலையையும் கேட்டு யூனிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அது 90 யூனிட் என்றால், உத்தரவாதம் முடிந்தபின் ஒரு முறை போர்டு மாற்ற நேர்ந்தாலும் கூடத்து ஃபேனுக்கு 270 யூனிட்தான் ஆகும், இரண்டு வருடச் சேமிப்பு. தாங்கும். படுக்கையறையில் ஓடுகிற ஃபேனைக் கழற்றிய கணக்கில் 420 என்பது 510 ஆகி, ஏழு வருடத்தைத் தாண்டிவிடும். அதுதான் எனக்குத் திருப்தியில்லை என்று சொன்னதற்குக் காரணம்.

கடையில் லேபிளைப் படிப்பது

வாட் மட்டும் குறைவாக இருப்பது பெருமையல்ல. காற்றைக் குறைத்தாலும் வாட் குறையும். அதனால் காற்று வெளியேற்ற அளவைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும். 1200 மில்லிமீட்டர் ஃபேனில் 200-லிருந்து 230 வரை வழக்கம். அதை வாட்டால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்று தெரியும். 210 கன மீட்டர், 75 வாட் என்றால் 2.8. 220 கன மீட்டர், 30 வாட் என்றால் 7.3. காற்று கணிசமாகக் குறைந்த ஃபேனை வாங்கினால், நடு வேகத்தில் வைத்தவர் அதையே முழு வேகத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்வார். சேமிப்பில் ஒரு பகுதி அங்கே போய்விடும்.

"எனர்ஜி சேவர்" என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் பிஎல்டிசி அல்ல. லேபிளில் 50 வாட்டோ அதற்கு மேலோ இருந்தாலோ, தண்டின் மூடிக்குள் உருண்டையான கன்டென்சர் தொங்கினாலோ அது இண்டக்‌ஷன்தான். பிஎல்டிசியில் மின்னழுத்த வரம்பு அகலமாக, 140-லிருந்து 280 வோல்ட் என்பது மாதிரி போட்டிருப்பார்கள். அது வெறும் விளம்பரமல்ல. மாலையில் மின்னழுத்தம் இறங்கும் பகுதிகளில் சாதாரண ஃபேன் தளர்ந்து சுற்றும்போது இது அதே வேகத்தில் சுற்றும். பணக்கணக்கில் வராத லாபம் இது.

கணக்கை மாற்றிவிடும் இரண்டு நிலைகள்

மின்வெட்டு அடிக்கடி வரும் வீடு முதலாவது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் காகிதத்தில் 1800 வாட்-ஹவர் இருக்கும். பேட்டரியை முழுக்க வடியவிடாமல், இன்வெர்ட்டரின் இழப்பும் போக 1000 வாட்-ஹவர் பயன்படுகிறது என்று கொள்ளலாம். இன்வெர்ட்டர் தனக்கென்று ஒரு 20 வாட் எடுத்துக்கொள்ளும். இரண்டு சாதாரண ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் மொத்தம் 170 வாட், ஆறு மணி நேரம் வரும். இரண்டு பிஎல்டிசி என்றால் 80 வாட், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். பெரிய பேட்டரி வாங்க இருந்தவர் ஃபேனை மாற்றிவிட்டு இருக்கிற பேட்டரியிலேயே ஓட்டலாம். அப்போது ஒப்பிட வேண்டியது பேட்டரியின் விலையோடுதான், யூனிட்டோடு அல்ல. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் வைத்திருந்தால், அதில் ஓடுமா என்று ஃபேனின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏசி ஓடும் அறை இரண்டாவது. ஃபேன் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகிறது, ஏசி அதையும் வெளியே தள்ள வேண்டும். ஃபேன் 45 வாட் குறைவாக எடுத்தால் ஏசிக்கும் ஏறக்குறைய 15 வாட் வேலை குறையும். சிறிய தொகைதான், ஆனால் இரவு முழுக்க ஏசியும் ஃபேனும் சேர்ந்து ஓடும் அறைகளில் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

மாட்டும்போது

பிஎல்டிசி ஃபேனின் வழியில் பழைய ரெகுலேட்டர் இருக்கக் கூடாது. முழுமைக்குத் திருப்பி வைத்தால் போதும் என்று சொல்வார்கள், போதாது. யாராவது ஒருநாள் அதைத் திருப்புவார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரை மின்சுற்றிலிருந்து எடுத்துவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக இணைப்பு தரச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் இடையில் இருந்தால் தெரிந்துவிடும்: ஃபேன் தொடங்கித் தொடங்கி நிற்கும், ரீங்காரம் கேட்கும், வேகம் தானாக மாறும். அப்படியே விட்டுவைத்தால் போர்டு போய்விடும், உத்தரவாதத்தில் அதை ஏற்க மறுக்கவும் வாய்ப்புண்டு. ரிமோட்டைத் தொலைத்துவிடும் வீடாக இருந்தால், சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்றக்கூடிய மாடலைத் தேடுங்கள். வயதானவர்கள் இருக்கும் அறையில் இது உண்மையாகவே உதவும்.

மாட்டி முடித்த அன்றே மறுபடி மீட்டர் முன் நில்லுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, புது ஃபேனை முழு வேகத்தில் விட்டு, சிமிட்டல் இடைவெளியை எடுங்கள். 3200 மீட்டரில் 30 வாட் என்றால் முப்பத்தேழு விநாடிக்குப் பக்கத்தில் ஒரு சிமிட்டல் வரும். இருபது விநாடிக்கு ஒன்று வந்தால் 56 வாட் ஓடுகிறது: ஒன்று வேறு ஏதோ கருவி அணையாமல் இருக்கிறது, இல்லையென்றால் பெட்டியில் எழுதியது ஃபேனில் இல்லை. பிந்தியது என்றால் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, மாற்றிக்கொடுக்கும் நாள் முடிவதற்குள் கடைக்குப் போங்கள்.